நாள் தள்ளிப்போனால்: கார்டு டெஸ்ட் பற்றி மருந்துக்கடையில் கேட்கப்படும் கேள்விகள்

மெடிக்கல் ஷாப்பில் போய் எப்படிக் கேட்பது? என்னென்ன கேட்பார்கள்?

"பிரெக்னன்சி கார்டு ஒண்ணு" என்று கேட்டால் போதும். சீட்டு வேண்டாம். வயது, கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் யாரும் கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் கவுண்டரில் நிற்கும்போது இரண்டு மூன்று கேள்விகள் கேட்பேன். அவை எதற்கு என்பது கீழே உள்ள பேச்சைப் படித்தால் புரியும். இது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கதை அல்ல. பலரிடம் பேசியதைச் சேர்த்து, தேதிகளை நானே வைத்து எழுதியது.

"அக்கா... ஒரு பிரெக்னன்சி கார்டு வேணும்."

"தரேம்மா. கொஞ்சம் இப்படி ஓரமா வா, ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். போன தடவை பீரியட்ஸ் எப்போ வந்துச்சு?"

"மார்ச் 2. இன்னைக்கு ஏப்ரல் 4. மூணு நாள் தள்ளிப்போயிடுச்சுக்கா."

"எப்பவும் 30 நாள் கணக்கா?"

"பெரும்பாலும். சில மாசம் 35 கூட ஆகும்."

"சேர்ந்து இருந்தது என்னைக்கு?"

"மார்ச் 24. அந்த ஒரு தடவைதான். காண்டம் கிழிஞ்சிடுச்சு."

"அப்புறம் எமர்ஜென்சி மாத்திரை ஏதாவது போட்டியா?"

"இல்லக்கா."

"அடிவயித்துல ஒரு பக்கமா வலி, லேசா இரத்தம் படறது, தலைசுத்தல்?"

"எதுவும் இல்ல. பயம்தான்."

"சரி. இன்னைக்குப் பார்த்து ஒரு கோடு வந்துச்சுன்னா அதை நம்ப முடியாது. முடிவா தெரியணும்னா ஏப்ரல் 14 காலையில பாரு."

"இன்னும் பத்து நாளா? என்னால முடியாதுக்கா."

"அப்போ ரெண்டா வாங்கிக்க. ஒண்ணு நாளைக்குக் காலையில பாரு. ரெண்டு கோடு வந்தா அதை எடுத்துக்கிட்டு டாக்டரைப் போய்ப் பாரு. ஒரு கோடுதான்னா அது பாதி பதில். இன்னொரு கார்டைப் பிரிக்காம 14ஆம் தேதிக்கு வச்சுக்க."

"யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா."

"உன் பேரே எனக்கு வேண்டாம்மா. பில்லு வேணுமா, வேண்டாமா?"

நாள் தள்ளிப்போன பிறகு பார்க்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே. ஏன் 14ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும்?

அட்டையில் இருப்பது, மாதாமாதம் கடிகாரம் போல வருகிறவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. மற்றவர்களை அது ஏமாற்றிவிடும். அதனால்தான் நான் உறவு நடந்த நாளைக் கேட்கிறேன்.

மேலே வந்த பெண்ணின் தேதிகளையே எடுத்துக்கொள்வோம். கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் மாதவிடாய் வரும். இந்த 14 நாள் பெரிதாக மாறாது. மாறுவதெல்லாம் அதற்கு முந்தைய பகுதிதான். அவளுக்கு வழக்கம்போல 30 நாளில், அதாவது ஏப்ரல் 1 அன்று வந்திருந்தால், முட்டை மார்ச் 18 வாக்கில் வெளிவந்திருக்கும். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். 24ஆம் தேதி நடந்த உறவால் கரு தங்க வாய்ப்பே இருந்திருக்காது.

ஆனால் ஏப்ரல் 1 அன்று வரவில்லை. அப்படியென்றால் இந்த மாதம் முட்டை தாமதமாக வெளிவந்திருக்கலாம். காய்ச்சல், பரீட்சை, பயணம், தூக்கம் கெட்டது என்று எதனாலும் அது நடக்கும். 35 நாள் மாதமாக இது அமைந்தால், முட்டை வந்த நாள் மார்ச் 23 வாக்கில். அடுத்த நாளே உறவு. இப்போது வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உண்மையில் இன்னும் நாளே தள்ளிப்போகவில்லை! அவளுக்குக் கெடு ஏப்ரல் 6. "மூன்று நாள் ஆயிற்று, கார்டில் ஒரு கோடுதான், தப்பித்தேன்" என்று ஏப்ரல் 4 அன்று நினைத்தால் அது தவறான நிம்மதியாக முடியலாம்.

கார்டு கண்டுபிடிப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு உருவானதுமே அது சிறுநீரில் வந்துவிடாது. கரு கருப்பைச் சுவரில் ஒட்டிப் பதிந்த பிறகே வரத் தொடங்கும். முட்டை வெளிவந்ததிலிருந்து அதற்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும். அப்புறம் ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடைகளில் கிடைக்கும் பல கார்டுகளுக்கு மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவாவது இருந்தால்தான் கோடு தெரியும். தொடக்கத்தில் 5 இருந்தால், இரண்டு நாளில் 10, நான்கு நாளில் 20, ஆறு நாளில் 40. ஆக, பதிந்த பிறகும் சில நாள் கார்டு பேசாமல்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். மார்ச் 24 உறவில் கரு, 29ஆம் தேதி கூட உருவாகலாம். அதிலிருந்து 10 நாளில் பதிந்தால் ஏப்ரல் 8. கோடு தெரியும் அளவு ஹார்மோன் சேர இன்னும் ஆறு நாள். 14ஆம் தேதி ஆகிவிட்டது. உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் என்று நாங்கள் சொல்லும் கணக்கு இப்படி வருவதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை உறவு இருந்தால் கடைசி நாளிலிருந்து எண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று. சீக்கிரம் பார்த்து இரண்டு கோடு வந்தால், அதற்கு 21 நாள் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருப்பு 'இல்லை' என்ற பதிலுக்கு மட்டும்தான்.

கார்டை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது?

பெட்டியில் காலாவதி தேதியைப் பாருங்கள். உறையைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் கிழிக்க வேண்டும். முன்னாலேயே பிரித்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். பாத்ரூம் அலமாரியில் வைப்பதும் நல்லதல்ல.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. இரவு முழுக்கச் சேர்ந்திருப்பதால் ஹார்மோன் அடர்த்தி அதிகம். பயத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு நீர்த்துப்போய், இருக்கும் கோடும் தெரியாமல் போகலாம். சிறுநீரைச் சுத்தமான, சோப்பு மிச்சம் இல்லாத கப்பில் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டைச் சமமான இடத்தில் வைத்து, கூடவே இருக்கும் சிறு குழாயால் 'S' என்று போட்டிருக்கும் குழியில் சொட்டு விடுங்கள். பெரும்பாலான கார்டுகளுக்கு மூன்று சொட்டு. உங்கள் பெட்டியில் இரண்டு என்று இருந்தால் இரண்டுதான். அதிகம் விட்டால் சரியாகத் தெரியும் என்பது இல்லை, சாயம் வெள்ளமாக ஓடிக் குழம்பிவிடும்.

அப்புறம் மணி பாருங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். 'C' பக்கம் கோடு வந்தே ஆக வேண்டும். கார்டு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கரு தங்கியிருந்தால் 'T' பக்கமும் இன்னொரு கோடு வரும். 'C'யில் கோடு இல்லாமல் 'T'யில் மட்டும் வந்தாலும் அந்தக் கார்டு செல்லாது, வேறு வாங்க வேண்டும்.

'T'யில் மங்கலாக ஒரு கோடு தெரிகிற மாதிரி இருக்கிறது. இருக்கிறதா, இல்லையா?

நிறத்தையும் நேரத்தையும் பாருங்கள். சொன்ன நேரத்துக்குள் வந்து, 'C' கோட்டின் அதே இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். ஹார்மோன் குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில் அப்படித்தான் வரும்.

ஒரு கோடுதான் என்று குப்பையில் போட்டுவிட்டு, மனது கேட்காமல் ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறீர்கள். இப்போது சாம்பல் நிறத்தில், நிழல் போல ஒரு கோடு. சிறுநீர் காய்ந்த தடம் அது. அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. நேரம் முடிந்ததும் கார்டைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, கார்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

சந்தேகமாகவே இருந்தால் இரண்டு நாள் கழித்து இன்னொரு கார்டில் பாருங்கள். கரு இருந்தால் கோடு அழுத்தமாகியிருக்கும். சிலருக்கு மங்கலாக வந்து, சில நாளில் மாதவிடாய் போலவே இரத்தப்போக்கு வந்து, அடுத்த கார்டு நெகட்டிவ் ஆகிவிடும். கரு பதிந்து மிக ஆரம்பத்திலேயே கலைந்திருக்கலாம். அப்படியானால் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. கருப்பைக்கு வெளியே தங்கிய கருவும் இப்படிக் குழப்பும்.

21 நாள் ஆகிவிட்டது, ஒரு கோடுதான். ஆனால் இன்னும் வரவில்லை.

சரியாகப் பார்த்திருந்தால் அந்த உறவால் கரு தங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் மறுபடி ஒருமுறை பாருங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் கேள்வியே மாறிவிட்டது: ஏன் வரவில்லை?

கடையில் நின்று நான் முதலில் கேட்பது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மனநலச் சிகிச்சையில் தரும் ரிஸ்பெரிடோன் போன்றவை புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றி மாதவிடாயை நிறுத்திவைக்கக் கூடும். அதற்காக மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். எமர்ஜென்சி மாத்திரை போட்டிருந்தால் ஒரு வாரம் வரை முன்னே பின்னே ஆகலாம். மாத்திரை போட்டதால் கரு இருக்காது என்று விட்டுவிடாமல், அவர்களும் 21 நாளில் பார்த்துவிட வேண்டும்.

மருந்து எதுவும் இல்லை என்றால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., திடீரென எடை குறைந்தது என்று காரணங்கள் பல. இவற்றை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் பிரித்துச் சொல்லும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்.

டெஸ்ட் எல்லாம் வேண்டாம். பீரியட்ஸ் வர ஒரு மாத்திரை கொடுங்களேன்.

இதை வாரம் தவறாமல் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை.

அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் நோர்எத்திஸ்டிரோன். கோவிலுக்குப் போக, கல்யாணத்துக்காக நாளைத் தள்ளிப்போடச் சாப்பிடுகிறார்களே, அதே மாத்திரை. சாப்பிடும் வரை இரத்தப்போக்கு வராது, நிறுத்திய சில நாளில் வரும். இது மாதவிடாய் வராதவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துதான். ஆனால் கரு தங்கியிருந்தால் இது அதைக் கலைக்காது. ஐந்து நாள் சாப்பிட்டு, நிறுத்தி, ஒரு வாரம் காத்திருந்து, வரவில்லை என்று தெரியும்போது இரண்டு வாரம் போயிருக்கும். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய நாட்கள் அவை. வளரும் கருவுக்குத் தேவையில்லாத ஹார்மோனும் போயிருக்கும்.

இன்னும் சிலர் கேட்பது கருக்கலைப்பு மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் நல்ல மருந்துகள், டாக்டர் மேற்பார்வையில் 9 வாரம் வரை தருகிறார்கள். சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சட்டத்தை விட எனக்குப் பெரிய கவலை வேறு: கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. இரத்தம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, குழாய் வெடிக்கும். முன்னதாகப் பரிசோதிப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

பப்பாளிக்காய், எள்ளுருண்டை, அன்னாசி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் சாப்பிடும் அளவில் எதுவும் கருவைக் கலைக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. தள்ளிப்போய்ப் பிறகு தானாக வந்த மாதங்களுக்கு எள்ளுருண்டை பெயர் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பற்பசை, உப்பு, சர்க்கரை வைத்து வீட்டிலேயே பார்க்கலாம் என்கிறார்களே?

எதுவும் எச்.சி.ஜி.யைக் கண்டுபிடிக்காது. பற்பசை நுரைப்பது சிறுநீரின் அமிலத்தால். ஆண்களின் சிறுநீரிலும் நுரைக்கும். கார்டு பல கடைகளில் 50, 60 ரூபாய்க்கே கிடைக்கிறது. அதுவும் கஷ்டம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

வேறு மாத்திரை சாப்பிட்டால் கார்டு தப்பாகக் காட்டுமா?

ஆன்டிபயாடிக், பாரசிட்டமால், கருத்தடை மாத்திரை எதுவும் முடிவை மாற்றாது. மாற்றுவது ஒன்று: குழந்தையின்மைச் சிகிச்சையில் போடும் எச்.சி.ஜி. ஊசி. அது உடலில் இருக்கும் வரை, இரண்டு வாரம் வரை கூட, கார்டு பாசிட்டிவ் காட்டலாம். கருச்சிதைவு ஆனவர்களுக்கும் பழைய ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும்.

இரண்டு கோடு வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டாக்டரிடம் போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா?

18 வயது முடிந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர், காதலர் யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வந்தது. 2021 திருத்தத்தில் 'கணவர்' என்று இருந்த இடத்தில் 'துணை' என்று மாற்றினார்கள். அதனால் கருத்தடை முறை பலிக்காமல் உண்டான கருவுக்கு, மணமாகாதவர்களும் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கலைக்கலாம். காண்டம் கிழிந்ததும் இதில் அடக்கம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான பிரிவிலும் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் அனுமதிப்பவர்களைத் தவிர வேறு யாரிடமும் உங்கள் பெயரையும் விவரத்தையும் டாக்டர் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

18 வயது ஆகவில்லை என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பெயரைச் சொல்லாமலே தகவல் தரலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இதற்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

வாரக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர்கள் எண்ணுவது உறவு நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. மேலே வந்த பெண்ணுக்கு ஏப்ரல் 14 அன்று இரண்டு கோடு வந்தால், உறவு நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், ஆனால் டாக்டர் சீட்டில் ஆறு வாரம் என்று இருக்கும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாத்திரையால் கலைப்பதற்கான 9 வாரக் கெடு அவளுக்கு மே 4 அன்று முடியும். யோசிக்கவும், நம்பிக்கையான ஒருவரிடம் பேசவும், ஸ்கேன் எடுக்கவும் நாள் இருக்கிறது. தொடர்வது என்று முடிவெடுத்தால் அன்றே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கலாம், அதைக் கடையில் கேட்டே வாங்கலாம்.

எப்போது கார்டு, தேதி எதையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

நாள் தள்ளிப்போயிருக்கிறது, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, லேசான இரத்தப்போக்கு, மயக்கம் வருவது போன்ற உணர்வு, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி. இவற்றில் வயிற்றுவலியோ மயக்கமோ தோள் வலியோ இருந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கக் கூடும். தோள் வலி வருவது, உள்ளே கசியும் இரத்தம் உதரவிதானத்தைத் தொடுவதால். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது. கார்டில் மங்கலான கோடு வந்தவர்களுக்கும் இது நடக்கும். கார்டே பார்க்காதவர்களுக்கும் நடக்கும். வலி மாத்திரை கேட்டு இப்படி யாராவது வந்தால் நான் மாத்திரை தராமல் உட்கார வைத்து 108ஐ அழைப்பேன். வீட்டில் இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள், தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது கடைசி மாதவிடாய்த் தேதி.